மைனாரிட்டி என்றால் யார்? ஊர்ப்பேச்சு ஒன்று, சட்டம் ஒன்று, அதிகாரக் கணக்கு வேறொன்று!

"அவனுக்கென்ன, மைனாரிட்டி காலேஜ்ல சீட் வாங்கிட்டான்." "இது மைனாரிட்டி அரசு, எத்தனை நாள் தாங்கும்?" "எங்க ஆபீஸ்ல நாங்கதான் மைனாரிட்டி, மீதி எல்லாரும் வேற ஊரு."

மூன்று வாக்கியங்களிலும் சொல் ஒன்றுதான், பொருள் மூன்று. முதலாவது சட்டம் தருகிற ஓர் உரிமையைப் பற்றியது. இரண்டாவது சட்டமன்றத்தில் இருக்கிற தலைகளின் எண்ணிக்கை. மூன்றாவது, ஓர் இடத்தில் தன் குரல் எடுபடவில்லை என்கிற ஆதங்கம்.

பேச்சு வழக்கில் இந்த மூன்றையும் கலந்துவிடுகிறோம். போதாக்குறைக்கு, 'சிறுபான்மையினர்' என்றாலே முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும்தான் என்றும் பழகிவிட்டோம். ஆனால், சென்னையில் வீட்டில் தெலுங்கு பேசும் ஓர் இந்துக் குடும்பமும் சட்டத்தின் பார்வையில் சிறுபான்மையே. பெங்களூரு ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கும் மதுரைக்காரரும் அப்படித்தான். எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அரசியல் சாசனம் என்ன சொல்கிறது?

சிறுபான்மையினர் யார் என்பதற்கு இந்திய அரசியல் சாசனத்தில் வரையறை கிடையாது. சொல் இருக்கிறது, விளக்கம் இல்லை.

முக்கியமான இடம் 30-வது பிரிவு. மதத்தின் அடிப்படையிலோ மொழியின் அடிப்படையிலோ சிறுபான்மையாக இருப்பவர்கள், தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்தலாம் என்கிறது அது. இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அடிப்படை இரண்டே இரண்டுதான்: மதம், மொழி. சாதி இதில் வராது, பாலினமும் வராது. இரண்டு, இந்தப் பிரிவு தருவது கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை. அரசு வேலையில் ஒதுக்கீடு இதில் இல்லை.

வரையறை இல்லாததால் அந்த வேலை நீதிமன்றத்தின் தலையில் விழுந்தது. கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அரசு கொண்டுவந்த கல்வி மசோதாவைக் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். 1958-ல் நீதிமன்றம் சொன்ன பதில் எளிமையானது: மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவாக இருப்பவர்கள் சிறுபான்மையினர்.

சரி, பாதி என்றால் எதில் பாதி? நாட்டிலா, மாநிலத்திலா, மாவட்டத்திலா? இந்தக் கேள்வியில்தான் பின்னாளைய சிக்கல்கள் எல்லாம் தொடங்குகின்றன. கேரள மசோதா ஒரு மாநிலம் முழுவதற்குமான சட்டம் என்பதால், அந்த மாநிலத்தின் மக்கள்தொகையையே கணக்கில் எடுக்க வேண்டும் என்று அன்று நீதிமன்றம் சொன்னது.

எல்லைக் கோட்டை மாற்றினால் ஆளும் மாறுவார்

அளக்கும் பரப்பை மாற்றினால் விடை எப்படித் தலைகீழாகும் என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டம் நல்ல உதாரணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இந்துக்கள் சுமார் 87.6 சதவீதம், கிறிஸ்தவர்கள் சுமார் 6 சதவீதம். மாநிலத்தை அளவாக எடுத்தால் யார் பெரும்பான்மை என்பதில் குழப்பமே இல்லை. ஆனால், கன்னியாகுமரி மாவட்டத்தை மட்டும் எடுத்தால் இந்துக்கள் 48.7 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.9 சதவீதம். இரு தரப்பும் பாதியைத் தாண்டவில்லை. 'பாதிக்கும் குறைவு' என்ற விதியை மாவட்ட அளவில் போட்டால், அந்த மாவட்டத்தில் எல்லோருமே சிறுபான்மையினர்தான்.

மொழிக்கும் இதே கதைதான். நாகாலாந்தில் எந்த மொழியும் பாதியை எட்டவில்லை. அதிகம் பேரின் தாய்மொழியான கொன்யாக்கின் பங்கே சுமார் 12 சதவீதம். அங்கே மொழியால் பெரும்பான்மை என்று ஒரு கூட்டமே கிடையாது.

இதையெல்லாம் யோசித்துத்தான் 2002-ல் டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு ஒரு விதியை வகுத்தது. 30-வது பிரிவைப் பொறுத்தவரை மதச் சிறுபான்மை, மொழிச் சிறுபான்மை இரண்டையும் மாநில அளவில்தான் பார்க்க வேண்டும். காரணமும் சொன்னது: இந்தியாவில் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டவை. 30-வது பிரிவு மதத்தையும் மொழியையும் ஒரே வரியில் வைக்கிறது. எனவே இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இப்போது ஒரு பயணம் போய்ப் பார்க்கலாம். வீட்டில் தமிழ் பேசும் ஒருவர் கிருஷ்ணகிரியில் இருக்கிறார். தமிழ்நாட்டில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 88 சதவீதத்துக்கும் மேல். எனவே அவர் பெரும்பான்மை. வேலை கிடைத்து, ஓசூர் தாண்டி, அத்திப்பள்ளி வழியாக பெங்களூருக்குக் குடிபோகிறார். கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 3.5 சதவீதம். அங்கே அவர் மொழிச் சிறுபான்மை. அவரும் அவரைப் போன்றவர்களும் ஓர் அறக்கட்டளை அமைத்து பெங்களூரில் பள்ளி தொடங்கினால், மொழிச் சிறுபான்மைப் பள்ளி என்ற தகுதியை அவர்களால் கேட்க முடியும். அதே அறக்கட்டளை கிருஷ்ணகிரியில் பள்ளி தொடங்கினால், தமிழை வைத்து அந்தத் தகுதியைக் கேட்க முடியாது. ஆள் மாறவில்லை, மொழி மாறவில்லை. மாறியது மாநில எல்லை மட்டுமே.

ஆனால் டெல்லி வேறு பட்டியல் வைத்திருக்கிறது

இதோடு முடிந்திருந்தால் விஷயம் எளிது. ஆனால், மதச் சிறுபான்மையினருக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. 1992-ல் நிறைவேறிய தேசியச் சிறுபான்மையினர் ஆணையச் சட்டம், 'மத்திய அரசு அறிவிக்கும் சமூகமே சிறுபான்மை' என்கிறது. அதன்படி 1993-ல் முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி என்று ஐந்து சமூகங்கள் அறிவிக்கப்பட்டன. 2014-ல் சமணர்களும் சேர்க்கப்பட்டார்கள். இது நாடு முழுமைக்குமான பட்டியல். மத்திய அரசின் சிறுபான்மையினர் நலத் திட்டங்கள் இதை வைத்தே நடக்கின்றன.

ஆக, நீதிமன்றம் மாநிலத்தைப் பார் என்கிறது. பட்டியலோ நாட்டைப் பார்த்துப் போடப்பட்டது. இரண்டும் மோதும் இடங்கள் உண்டு. பஞ்சாபில் சீக்கியர்கள் சுமார் 58 சதவீதம். மிசோரமில் கிறிஸ்தவர்கள் 87 சதவீதம். லட்சத்தீவில் முஸ்லிம்கள் 96 சதவீதத்துக்கும் மேல். மூவருமே அங்கே எண்ணிக்கையில் பெரும்பான்மை, டெல்லிப் பட்டியலிலோ சிறுபான்மை. மறுபுறம், மிசோரமில் 3 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் இந்துக்களின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த முரண்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது மத்திய அரசே தடுமாறியது. 2022 மார்ச்சில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், மாநிலங்களும் ஒரு சமூகத்தைச் சிறுபான்மையாக அறிவிக்கலாம் என்றது. 2016-ல் மகாராஷ்டிரம் யூதர்களை அப்படி அறிவித்ததை உதாரணமாகவும் காட்டியது. இரண்டே மாதத்தில், மே மாதம், அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடமே இருக்கிறது என்று மாற்றிச் சொன்னது.

அந்தத் தகுதியால் என்னதான் கிடைக்கிறது?

'மைனாரிட்டி என்றால் எல்லாவற்றிலும் தனி கோட்டா' என்பது பரவலான நம்பிக்கை. அது சரியல்ல. 30-வது பிரிவின் உண்மையான பலன், நிறுவனத்தை நடத்துபவர்களுக்குக் கிடைக்கும் சுதந்திரம். யாரை முதல்வராக நியமிப்பது, யாரைச் சேர்ப்பது என்பதில் அரசின் கை சற்றுத் தள்ளியே நிற்க வேண்டும். கல்வித் தரம், ஆசிரியர் தகுதி போன்ற விதிகள் அவர்களுக்கும் பொருந்தும்.

இந்தச் சுதந்திரத்தின் எடை சமீப காலத்தில் கூடியிருக்கிறது. தனியார் கல்லூரிகளிலும் எஸ்.சி., எஸ்.டி., பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு கொண்டுவர அரசுக்கு அதிகாரம் தரும் 15(5) பிரிவு 2006-ல் அமலுக்கு வந்தது. அதில் சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். 2014-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்றது. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு எழுதியவர்களுக்கு இன்னொரு எண்ணும் நினைவிருக்கும்: மற்ற தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடங்களை அரசு ஒதுக்கீட்டுக்குத் தர வேண்டும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதம் தந்தால் போதும்.

சரி, தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே, அது என்ன? அது சிறுபான்மை என்பதற்காகத் தரப்பட்டதல்ல. 2007-ல் வந்த அந்தச் சட்டம், பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள்ளேயே, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவுகளுக்காக ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் இல்லாத முஸ்லிம் பிரிவினருக்கு அது கிடைக்காது.

இந்த இடத்தில்தான் சட்டத்தின் உள்கட்டமைப்பு தெரியவருகிறது. சட்டம் இரண்டு விஷயங்களை இரண்டு தனித்தனித் தராசுகளில் நிறுக்கிறது. எண்ணிக்கையில் குறைவா? அதற்கு 30-வது பிரிவு. சமூகத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டவரா? அதற்கு 15, 16, 17-வது பிரிவுகளும் இடஒதுக்கீடும். முதல் தராசில் தட்டு இறங்குவதால் இரண்டாவதிலும் இறங்கும் என்று இல்லை.

பார்சிகள் நாடு முழுவதும் சேர்த்து 60 ஆயிரத்துக்கும் குறைவு. முதல் தராசில் அவர்களை விடச் சிறிய சமூகத்தைத் தேடுவது கஷ்டம். தொழில், கல்வி, சட்டம் என்று பார்த்தால் அவர்களைப் பின்தங்கியவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மறுபக்கம், தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம், அதாவது ஐந்தில் ஒருவர். எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவுதான், ஆனாலும் 30-வது பிரிவின் பொருளில் அவர்கள் சிறுபான்மை அல்ல. தீண்டாமை ஒழிப்பும் இடஒதுக்கீடும் அவர்களுக்கு வருவது இரண்டாவது தராசின் வழியாக.

தலை எண்ணினால் அதிகாரம் தெரியுமா?

இரண்டாவது தராசு ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கற்பனை செய்து பாருங்கள். 100 வீடுகள். 60 வீடுகளில் வாடகைதாரர்கள், 40 வீடுகளில் சொந்தக்காரர்களே இருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கத்தில் வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டும்தான் ஓட்டு என்பது விதி. லிஃப்ட் யார் பயன்படுத்தலாம், நாய் வளர்க்கலாமா, பேச்சிலருக்கு வீடு தரலாமா என்று எல்லாவற்றையும் தீர்மானிப்பது யார்? அங்கே வசிப்பவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கையில் ஒன்றும் இல்லை. எண்ணிக்கை அதிகாரமாக மாறுவதற்கு நடுவில் ஒரு விதி தேவை. அந்த விதி யார் கையில் இருக்கிறதோ, பெரும்பான்மை அவர்கள் பக்கம்.

இதையே ஒரு நாடு முழுவதும் செய்துகாட்டியது தென்னாப்பிரிக்கா. 1948-ல் நிறவெறிக் கொள்கையோடு தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தபோது, வெள்ளையர்கள் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் நாடாளுமன்றம், ராணுவம், நிலம், சுரங்கம் எல்லாம் அவர்கள் கையில். பெரும்பான்மையான கறுப்பின மக்கள் நிலம் வைத்துக்கொள்ள 1913-ல் ஒதுக்கப்பட்ட பரப்பு நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதம். 1936-ல் அது சுமார் 13 சதவீதமாக உயர்ந்தது, அவ்வளவுதான். எல்லா இனத்தவரும் ஒன்றாக ஓட்டுப் போட 1994 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட நிலைமைகள் இருந்ததால்தான், ஐ.நா.வுக்காக இத்தாலியச் சட்ட அறிஞர் பிரான்செஸ்கோ கபோடோர்த்தி 1970-களில் எழுதிய வரையறையில் இரண்டு நிபந்தனைகள் இடம்பெற்றன. சிறுபான்மை என்றால் எண்ணிக்கையில் குறைவாக இருக்க வேண்டும். கூடவே, ஆதிக்க நிலையில் இல்லாமலும் இருக்க வேண்டும். இந்தியாவின் 1958 தீர்ப்பில் இந்த இரண்டாவது நிபந்தனை இல்லை. நம் சட்டம் தலையை மட்டும் எண்ணுகிறது.

சென்னை மாகாணம் போட்ட கணக்கு

அதிகாரத்தைத் தனியாக எண்ணிப் பார்க்கும் வேலையைத் தமிழ்நாடு நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் பெயரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை, இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. முதல் எண் மக்கள்தொகை: சென்னை மாகாணத்தின் நாலேகால் கோடியை நெருங்கும் மக்களில், 4 கோடிக்குக் குறையாதவர்கள் பிராமணரல்லாதார். இரண்டாவது எண் பதவிகள். அந்தக் காலத்து அரசுப் புள்ளிவிவரப்படி, 1912-ல் மாகாணத்தில் இருந்த 128 மாவட்ட முன்சீப்புகளில் 93 பேர் பிராமணர்கள்.

முதல் எண்ணை மட்டும் பார்த்தால் பிராமணர்கள் மிகச் சிறிய சிறுபான்மை. இரண்டாவதை மட்டும் பார்த்தால் அவர்கள் பெரும்பான்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் பிரச்சினை கண்ணில் பட்டது. அதிலிருந்து நீதிக்கட்சி வந்தது, 1920-களில் வகுப்புவாரி உரிமை அரசாணைகள் வந்தன. 1951-ல் உச்ச நீதிமன்றம் சென்னை அரசின் வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றபோது, அதே ஆண்டு அரசியல் சாசனம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) பிரிவு பிறந்தது. இன்றைய இரண்டாவது தராசின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

அந்தக் கணக்கிலும் ஒரு குறை இருந்தது. 'பிராமணரல்லாதார்' என்ற பெரிய எண்ணுக்குள்ளே நிலவுடைமையாளர்களும் இருந்தார்கள், அவர்கள் வயலில் கூலி வேலை செய்தவர்களும் இருந்தார்கள். நீதிக்கட்சியில் இருந்த எம்.சி. ராஜா, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று 1923-ல் அந்தக் கட்சியை விட்டே விலகினார். ஒரு பெரும்பான்மையைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே யார் பேசுகிறார்கள், யார் வாய்மூடி நிற்கிறார்கள் என்பது தெரியும்.

அதிகாரத்தை மட்டும் அளந்தால் போதாதா?

நியாயமான கேள்வி. ஆதிக்கம் இல்லாதவரே சிறுபான்மை என்று சட்டத்தை மாற்றிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடாதா?

அதிலும் சிக்கல் இருக்கிறது. வசதியான ஒரு சிறிய சமூகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் இருக்கிறது என்பதற்காக, தன் பிள்ளைகளுக்குத் தன் மொழியைச் சொல்லித்தரும் உரிமை அவர்களுக்கு இல்லாமல் போய்விடுமா? பணம் இருந்தாலும், ஒரு சட்டமன்றம் நினைத்தால் பள்ளியில் அவர்கள் மொழியை நிறுத்திவிட முடியும். ஏனென்றால், அங்கே ஓட்டுதான் பேசும். 2019-ல் ஐ.நா.வின் சிறுபான்மை விவகாரங்களுக்கான சிறப்பு அறிக்கையாளர் முன்வைத்த புதிய விளக்கத்தில் ஆதிக்க நிபந்தனை கைவிடப்பட்டது. நாட்டின் மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவு, பொதுவான மொழி, மதம் அல்லது பண்பாடு இருந்தால் போதும் என்றது அது.

ஆக, எண்ணிக்கையை அளக்கும் தராசு மொழியையும் மதத்தையும் காப்பாற்ற. அதிகாரத்தை அளக்கும் தராசு வாய்ப்பைப் பங்கிட. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுத்தால் இரண்டும் கெடும். இடஒதுக்கீட்டுக் கடமையிலிருந்து தப்பிக்க மட்டும் ஓர் அறக்கட்டளை சிறுபான்மைத் தகுதியைத் தேடிப் போனால், முதல் தராசை வைத்து இரண்டாவதை ஏமாற்றுகிறார்கள் என்று பொருள். 'உங்களுக்கு வசதி இருக்கிறதே, தனிப் பள்ளி எதற்கு?' என்று ஒரு மொழிச் சிறுபான்மையிடம் கேட்டால், இரண்டாவதை வைத்து முதலாவதைப் பறிக்கிறார்கள்.

அடுத்த முறை இந்தச் சொல் காதில் விழுந்தால்

யாராவது 'மைனாரிட்டி' என்று பேச்செடுத்தால், மூன்றைக் கேட்டால் போதும். எந்த எல்லைக்குள்ளே எண்ணுகிறீர்கள்: நாடா, மாநிலமா, மாவட்டமா, அலுவலகமா? எதை வைத்து எண்ணுகிறீர்கள்: மதமா, மொழியா, சாதியா? எந்த உரிமையைப் பற்றிப் பேசுகிறீர்கள்: பள்ளி நடத்தவா, வேலை பெறவா, ஓட்டை ஆட்சியாக்கவா? பெரும்பாலான வாட்ஸ்அப் சண்டைகள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் முன்பே அடங்கிவிடும், ஏனென்றால் இருவரும் வேறு வேறு வரைபடத்தை வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அதிகாரத்தைப் பற்றிய பேச்சு என்றால் மக்கள்தொகை அட்டவணையை மூடிவிட்டு, நாற்காலிகளை எண்ணுங்கள். நாட்டின் மக்கள்தொகையில் பெண்கள் ஏறக்குறைய பாதி. எந்தச் சட்டமும் அவர்களைச் சிறுபான்மை என்று சொல்லவில்லை. 2024-ல் தேர்வான மக்களவையில் மொத்தம் 543 நாற்காலிகள். அவற்றில் பெண்கள் உட்கார்ந்தது 74-ல்.